ஒன்றரை லட்சம் மிச்சம் பிடித்தவர்

‘உறுப்பினர் என்பவர், தமது பெயரில் உறுதி எழுதப்பட்ட வீட்டையோ வீட்டு வளவையோ உடையவராயிருப்பின், அவ்வீட்டைக் கட்டுவதற்கோ திருத்துவதற்கோ தமது கணக்கிலுள்ள தொகையின் ஒரு பகுதியை முன்கூட்டியே பெறலாம்.’

இது கல்முனையில் அரிசி, சீமெந்து, ஓடு ஆகியவற்றை மொத்தமாக விற்கும் ஒரு கொம்பனியின் ஓய்வூதிய நிதியத்தினுடைய ஒன்பதாம் விதி. இந்த விதி வரைகிற உறுப்பினரைத் தேடி ஊரில் ஒரு சுற்று வந்தால் யாரும் அகப்படமாட்டார்கள். இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு எழுதப்படும். ஆண் அதில் குடியிருப்பான். சுவர் வெடித்தால் பூசுவான். மழைக்கு ஒழுகினால் ஏறி அடைப்பான். மவுத்தானால் அங்கிருந்துதான் தூக்கிக்கொண்டு போவார்கள். உறுதிப் பத்திரத்தில் மட்டும் அவன் பெயர் வராது.

கொம்பனியின் நிதி முகாமையாளர் மசூரும் அப்படித்தான். அவர் குடியிருப்பது மனைவி றஹீமாவின் வீட்டில். சம்பாதித்து வாங்கிய வளவொன்றை, மகள் ஸப்னாவுக்குப் பன்னிரண்டு வயதானபோதே அவள் பெயருக்கு எழுதியாயிற்று. மசூரின் பெயரில் பதிவாகியிருந்த அசையும் சொத்து ஒரு மோட்டார் சைக்கிள். அசையாச் சொத்து எதுவுமில்லை.

ஒன்பதாம் விதிக்கு இவ்வளவு பொருந்தாத ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்த விதியை எழுதியவரும் அவரேதான்.

எழுதினார் என்பதுகூட முழு உண்மையில்லை. ஏழு வருடங்களுக்கு முன் முதலாளி இப்றாஹிம் ஹாஜியார், “நம்மட ஆக்களுக்கும் கொழும்புக் கொம்பனிகள் மாதிரி ஒரு பென்சன் கணக்கு வேணும்” என்று ஆசைப்பட்டார். சட்டப்படியான சேமலாப நிதிக்கு மேலதிகமாக, கொம்பனி மட்டும் பணம் போடும் கணக்கு. மசூர் கொழும்பிலிருந்து ஒரு மாதிரி விதிக்கோவையை வருவித்தார். அதில் ‘உறுப்பினரின் அல்லது வாழ்க்கைத்துணையின் பெயரில்’ என்றிருந்தது. விதிகள் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு இலகுவாக வரித் திணைக்களத்தின் அங்கீகாரம் கிடைக்கும் என்பது மசூரின் கொள்கை. எனவே வாழ்க்கைத்துணையை வெட்டிவிட்டார். அங்கீகாரம் கிடைத்தது. பிரியாணி போட்டார்கள்.

அந்த அங்கீகாரத்தில்தான் விசயம் இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட நிதியத்துக்கு முதலாளி போடும் பணம், ஊழியரின் வரிக்குரிய சம்பளத்தில் சேராது. கையில் கொடுத்தால் அது சம்பளம்; வரி உண்டு. கணக்கில் போட்டால் சம்பளமில்லை, வரி இல்லை. தொகை ஒன்றுதான், போகிற வாசல்தான் வேறு.

இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு ஏப்ரலில் ஹாஜியார் மசூருக்கு மாதம் ஐம்பதாயிரம் கூட்டித் தர முன்வந்தபோது, மசூர் எல்லோரும் கேட்பதற்கு நேர்மாறாகக் கேட்டார்.

“கையில தர வேணாம் ஹாஜியார். பென்சன் கணக்கில போடுங்க.”

“ஏன் மசூர், கை வலிக்கா?”

மசூர் ஒரு தாளில் விளக்கினார். அப்போது அவருக்கு மாதச் சம்பளம் இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம்; வருடத்துக்கு முப்பத்துமூன்று லட்சம். அதில் முதல் பதினெட்டு லட்சத்துக்கு வரி விலக்கு. மீதிப் பதினைந்து லட்சத்தில் பத்துக்கு ஆறு வீதம், ஐந்துக்குப் பதினெட்டு வீதம். மொத்தம் ஒன்றரை லட்சம் வரி. புதிய ஐம்பதாயிரத்தையும் சம்பளமாக எடுத்தால் வருடத்துக்கு ஆறு லட்சம் கூடும். அதில் ஐந்து லட்சம் இருபத்துநான்கு வீதப் படியிலும், கடைசி ஒரு லட்சம் முப்பது வீதப் படியிலும் போய் நிற்கும். வரி மூன்று லட்சமாகிவிடும். கணக்கில் போட்டால் வரி பழைய ஒன்றரை லட்சத்தோடு நிற்கும்.

“வருசத்துக்கு ஒண்டரை லட்சம் மிச்சம்” என்றார் மசூர். அவர் குரலில் இருந்தது ஒரு வகைப் பக்தி.

“எனக்கு?”

“ஒங்களுக்கும் லாபந்தான். சம்பளமாத் தந்தா அதுக்கு நீங்க சேமலாப நிதி பன்னிரண்டு வீதம், நம்பிக்கை நிதி மூணு வீதம் கட்டணும். மாசம் ஏழாயிரத்து ஐந்நூறு.”

ஹாஜியார் உடனே கையெழுத்திட்டார். சேமிப்பை அவர் யாருடையதென்று பார்த்து விரும்புகிறவரல்ல.

அன்றிரவு றஹீமாவிடம் சொன்னபோது மட்டும் கதை கொஞ்சம் இடறியது.

“ஒண்டரை லட்சம் மிச்சமெண்டா, அது எங்க இரிக்கி?”

“இரிக்கெண்டில்ல. கட்டாம விட்டது.”

“அப்ப அந்த ஆறு லட்சம்?”

“அது கணக்கில. ஐம்பத்தஞ்சு வயசில எடுக்கலாம். வீட்டுக்கெண்டா முந்தியும் எடுக்கலாம்.”

மசூருக்கு அப்போது நாற்பத்தேழு. றஹீமா சோற்றுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். “வராத சல்லிக்குக் கட்டாத வரி. நல்ல வியாவாரந்தான். தின்னுங்க.”

நிதியத்தின் பணம் வட்டி படாத கணக்கில்தான் இருந்தது; ஸக்காத்தைப் பற்றியும் மௌலவியிடம் கேட்டுவைத்தார் மசூர். கைக்கு வராத, கைக்கு எடுக்கவும் முடியாத பணத்துக்கு இப்போதைக்கு ஸக்காத்துமில்லை என்றார் மௌலவி. அரசாங்கமும் அது உன்னுடைய சம்பளமில்லை என்கிறது, மார்க்கமும் அது இன்னும் உன் கைப்பொருளில்லை என்கிறது. இப்படி இரு தரப்பும் ஒரே குரலில் பேசுவது அபூர்வம். அந்த வருடம் முழுக்க மசூர் நிம்மதியாக நடந்தார்.

அது அவருடைய பணம்தான் என்று உறுதியாக நம்பிய ஒரே ஆள் மாப்பிள்ளையின் பெரிய மாமா.

ஸப்னாவுக்குச் சம்பந்தம் வந்தது அடுத்த ஜனவரியில். மாப்பிள்ளை றிபாத், ஆஸ்பத்திரியில் மருந்தாளர்; நல்ல பிள்ளை; அதிகம் கதைக்காதவன். அவனுக்காகக் கதைக்கும் பொறுப்பைப் பெரிய மாமா எடுத்திருந்தார். அவர் கதிரையில் அமர்ந்து, வட்டிலப்பத்தில் ஒரு துண்டு வெட்டிவிட்டு, வெகு மரியாதையாக ஆரம்பித்தார்.

“நாங்க ஒண்டும் கேக்கல்ல. கேக்கிற ஆக்களும் இல்ல. பிள்ளைட வீட்டுக்கு மேல்மாடிக்கு கொங்கிறீட் பிளேட் போட்டுட்டீங்களெண்டா, ஓகஸ்ட் லீவில கலியாணக் காவின முடிச்சிடலாம்.”

ஸப்னாவின் வளவில் கீழ்த்தளம் எழும்பியிருந்தது. அதற்கு வாங்கிய வங்கித் தவணையே மாதம் எண்பதாயிரம் போய்க்கொண்டிருந்தது. மேலே கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. மசூர் தொண்டையைச் செருமினார்.

“மாடி கொஞ்சம் பொறுத்து...”

“என்னத்துக்குப் பொறுக்கிற மச்சான்? ஹாஜியார் பள்ளியில வெச்சிச் சென்னாரே, மசூருக்கு மாசம் அம்பதாயிரம் கூட்டியிரிக்கன் எண்டு. நாங்க சந்தோசப்பட்ட. ஏப்ரல் வந்தா வருசத்துக்கு ஆறு லட்சம் சேர்ந்திரிக்கும். இல்லையா?”

சேர்ந்துகொண்டுதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஓம் என்று சொன்னால் அதைவிடப் பெரிய பொய். மசூர் வாயைத் திறந்து, வரிக்குரிய சம்பளத்துக்கும் முதலாளியின் பங்களிப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தொடங்குவதற்குள், திரைக்குப் பின்னிருந்து றஹீமாவின் குரல் வந்தது.

“போட்டுத் தாறம், இன்ஷா அல்லாஹ்.”

பெரிய மாமா வட்டிலப்பத்தை முடித்தார்.

அவர்கள் போனபின் மசூர் கேட்டார், “என்னத்தக் கொண்டு போடுற?”

“கணக்கில இரிக்கிற சல்லியக் கொண்டு. வீட்டுக்கெண்டா எடுக்கலாமெண்டு நீங்கதானே அண்டைக்குச் சென்ன.”

சொன்னதுதான். யார் பெயரிலுள்ள வீட்டுக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. இப்போது சொன்னார். றஹீமா வட்டிலப்பத் தட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“இந்த ஊரில ஆம்பிளைட பேர்ல வீடா? ஆரு எழுதின அந்தச் சட்டம்?”

மசூர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து அவர் தன் விதிக்கோவைக்குள் வெளிவாசல் தேடத் தொடங்கினார். ஒருவன் தான் கட்டிய வீட்டில் ஜன்னலைத் தடவித் தேடுவதுபோல் இருந்தது அது. வேலையை விட்டு விலகினால்? பதினோராம் விதி: விலகினாலும் ஐம்பத்தைந்துக்கு முன் கிடையாது. நோய் வந்தால்? பன்னிரண்டு: நிரந்தர அங்கவீனம் மாத்திரம். அங்கே ஒரு கணம் அவருடைய கண் தேவைக்கு அதிகமாக நின்றது. பிறகு வெட்கப்பட்டுத் தாளைத் திருப்பினார். கடன்? பதின்மூன்று: கணக்கை ஈடுவைக்க முடியாது. ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

வளவை மகளிடமிருந்து தன் பெயருக்குத் திருப்பி எழுதலாம். அதை றஹீமாவிடம் சொல்லிப் பார்த்தார்.

“நல்லாச் செய்யுங்க” என்றாள் அவள். “பிள்ளைக்குக் குடுத்த வளவ வாப்பா திருப்பி எழுதிட்டாரெண்டு நாளைக்குக் கல்முனை முழுக்கக் கதைப்பாங்க. மாடி போட வேண்டிய தேவையே வராது. ஆக்கள் வரமாட்டாங்க.”

ஸப்னா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தான் படிப்பிக்கும் பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். “எனக்கு மாடி வேணாம் வாப்பா” என்றாள் தலையை நிமிர்த்தாமல். “கீழ இருந்தாலும் நித்திரை வரும்.”

“ஒனக்கு வேணாம். ஒன்ட மாமாக்கு வேணும்” என்றாள் றஹீமா.

மிச்சமிருந்தது விதியைத் திருத்துவது. மசூர் ஹாஜியாரிடம் போனார். ஹாஜியார் தன் மேசையில் நெல் மாதிரிகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது ஒரு விசயமா? நீங்க எழுதின, நீங்களே வெட்டுங்க. நான் கையெழுத்துப் போடுறன்.”

“அப்படி ஏலா ஹாஜியார். திணைக்களம் சரி காணணும். நினைச்ச நேரம் எடுக்கலாமெண்டு நாங்களாத் திருத்தினா, இது பென்சனில்ல, சம்பளந்தான் எண்டு அங்கீகாரத்தப் பறிச்சிடுவாங்க. மறுகா நீங்க போடுறதெல்லாம் எல்லார்ட சம்பளத்திலயும் சேரும். ஒருத்தருக்கும் மிச்சமில்ல.”

“திணைக்களத்துக்கு எழுதினா?”

“மாசக்கணக்காகும்.”

“அப்ப எழுதிப் போட்டுட்டு இரிங்க.” ஹாஜியார் ஒரு நெல்லைத் துப்பினார். “இன்னுமொண்டு. மாவடிப்பள்ளி மில் அழகரெத்தினத்துக்கு நீங்க ரெண்டு வருசத்துக்கு முந்தி இல்லையெண்டு அனுப்பின ஞாபகமா? இப்ப ஒங்கட மகளுக்கெண்டா விதி திறக்குதெண்டு அவன் என்னட்ட வந்து கேட்டா, நான் என்ன செல்லுற?”

மசூருக்கு ஞாபகமிருந்தது. மறக்கத்தான் முயன்றுகொண்டிருந்தார்.

அழகரெத்தினம் காரைதீவு ஆள். ஆலையில் இயந்திர மேற்பார்வையாளர். மகளின் வீட்டுக் கூரைக்காகத் தன் கணக்கில் கொஞ்சம் கேட்டிருந்தார். வீடு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மசூர் கேட்டபோது அவர் சிரித்தார். “சேர், காரைதீவில ஆம்பிளைட பேர்ல வீடு தேடுறதெண்டா கடலுக்குள்ளதான் இறங்கணும்.” மசூரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை நிராகரித்தார். விதி விதிதான்.

இப்போது மசூர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனார். ஏன் போனார் என்று கேட்டால் அவருக்கே தெளிவாகச் சொல்ல முடிந்திராது. உமி பறக்கும் முற்றத்தில் அழகரெத்தினம் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க சேர். என்ன இந்தப் பக்கம்? கணக்குப் பாக்கவா?”

“ஒன்பதாம் விதியத் திருத்தச் சொல்லி எழுதப்போறன். மகள்ட பேர்ல வீடு இருந்தாலும் எடுக்கலாமெண்டு.”

அழகரெத்தினம் துவாயால் கழுத்தையும் துடைத்தார். பிறகு, “ஒங்கட மகளுக்குக் கலியாணமெண்டு கேள்விப்பட்டன்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மசூருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“ஓம்.”

“நல்லம். நான் அந்த நேரம் மனிசிட தாலிக்கொடிய அடகு வெச்சித்தான் கூரை போட்டன். இன்னும் மீட்டல்ல.” அவர் துவாயை உதறினார். “பறுவாயில்ல சேர். எழுதுங்க. எனக்கு இன்னுமொரு பொட்டப்பிள்ள இரிக்கி.”

“முதல் விண்ணப்பம் ஒங்கடதாத்தான் இரிக்கும்” என்றார் மசூர்.

“ஒங்கடதும் பின்னால வரும்தானே?” என்று அழகரெத்தினம் சிரித்தார். “ஒரே கடலுக்குள்ளதான் இறங்கியிரிக்கம்.”

மசூர் கடிதத்தை எழுதி அனுப்பினார். பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கப்படும் என்று ஒரு பதில் வந்தது. அரச பதில்களில் இதைவிடச் சுகமான வாக்கியமும் கிடையாது, இதைவிடப் பிரயோசனமற்றதும் கிடையாது. ஓகஸ்ட் எந்தத் திணைக்களத்துக்காகவும் நிற்கப்போவதில்லை.

கடைசியாக வங்கி. வட்டியில்லா நிதிப் பிரிவில் றிம்சான் என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார். மசூரின் சம்பளச் சீட்டை வாங்கிக் கணினியில் தட்டினார். மேல்மாடிக்குப் புதிதாக மாதம் ஐம்பத்தையாயிரம் தவணை வரும். வங்கியின் விதி: எல்லாத் தவணையும் சேர்ந்து, பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மசூருக்கு சேமலாப நிதியும் வரியும் போகக் கையில் வருவது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொச்சம்.

“பழைய எண்பதோட இது சேர்ந்தா கூடிப்போகுது சேர். பாதிக்குள்ள வருதில்ல.”

“எனக்கு இதைவிட மாசம் அம்பதாயிரம் இரிக்கி.”

“எங்க சேர்? சீட்டில இல்லையே.”

“அது கொம்பனி நேர பென்சன் கணக்குக்குப் போடுற.”

“ஒங்கட கைக்கு வருமா?”

“ஐம்பத்தஞ்சு வயசில வரும்.”

றிம்சான் பணிவாகப் புன்னகைத்தார். “வருமான வரிக்கு அதச் சம்பளமாக் காட்டுறீங்களா சேர்?”

“இல்ல.” இந்த ஒரு சொல்லை மசூர் எத்தனை பேரிடம், எவ்வளவு பெருமையோடு சொல்லியிருப்பார்! “சட்டப்படி அது வரிக்குரிய சம்பளமில்ல.”

“அப்ப எங்களுக்கும் இல்ல சேர்.”

பிழை சொல்ல முடியாத பதில். வங்கியும், திணைக்களமும், மௌலவியும், அவருடைய சொந்த விதியும் அந்தப் பணத்தைப் பற்றி ஒரே கருத்தோடு இருந்தார்கள். வெளியே கடற்கரை வீதியில் வெயில் கொளுத்தியது. மசூர் மோட்டார் சைக்கிளில் ஏறி, சாவியைப் போட்டுவிட்டு, ஓட்டாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆறு லட்சத்தைச் சுற்றி நாலு பக்கமும் நல்ல மனிதர்கள் நின்று காவல் காத்தார்கள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. சண்டை பிடிப்பதற்கும் ஆளில்லை.

அவர் இறங்கி மறுபடி உள்ளே போனார்.

“தம்பி, அந்த அம்பதாயிரம் ஏப்ரலிலிருந்து சம்பளமா வந்தா?”

றிம்சான் கணினியில் தட்டத் தொடங்கினார். மசூருக்குத் தட்டிப் பார்க்கத் தேவையில்லை. சேமலாப நிதிக்கு நாலாயிரம் போகும். வரிக்கு மாதம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கூடும். ஐம்பதாயிரத்தில் முப்பத்துமூவாயிரத்து ஐந்நூறு கையில் நிற்கும்.

“மயிரிழையில பாதிக்குள்ள வருது சேர்” என்றார் றிம்சான் மகிழ்ச்சியோடு. “ஆனா வரி கூடுமே?”

“ஓம்” என்றார் மசூர். “தெரியும்.”

ஹாஜியாரிடம் சொன்னபோது அவர் நெல் மாதிரிகளை ஒதுக்கி வைத்துவிட்டு மசூரை முழுதாகப் பார்த்தார்.

“போன வருசம் கையில தர வேணாமெண்டீங்க. இப்ப கையில தா எண்டிறீங்க.”

“ஓம் ஹாஜியார்.”

“அப்ப எனக்கு அந்த ஏழாயிரத்து ஐந்நூறு கூட.”

“ஓம்.”

“ஒங்களுக்கு அந்த ஒண்டரை லட்சம் மிச்சம்?”

“இல்லாமப் போகும்.”

“கணக்கில கிடக்கிற ஆறு லட்சம்?”

“அங்கதான் கிடக்கும். இன்னும் ஏழு வருசத்துக்கு.”

ஹாஜியார் பேனாவை எடுத்தார். “நான் பள்ளியில வெச்சிச் சென்னது இப்பதான் உண்மையாகுது” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நீட்டும்போது, கொஞ்சம் தணிந்த குரலில், “வட்டிலப்பம் நல்லாப் போட்டிருந்தாங்களாமே” என்றார்.

மேல்மாடிக்குச் சீமெந்து கொம்பனியிலிருந்தே போனது. ஹாஜியார் விலையில் ஒரு சதமும் குறைக்கவில்லை. பிளேட் போட்ட அன்று பெரிய மாமா வந்து கீழே நின்று மேலே பார்த்துவிட்டு, “வலு விசாலம்” என்றார். மகளின் வீட்டைப் பார்த்துக்கொண்டு மசூர் வெயிலில் நின்றார். ஏணியில் ஏறி இறங்கியபோது சட்டையில் சீமெந்து பட்டிருந்தது. அந்த வீட்டில் அவருடையது என்று அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது.

ஒன்பதாம் விதி இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அழகரெத்தினத்தின் விண்ணப்பம் மசூரின் மேசை லாச்சியில் முதலாவதாகக் கிடக்கிறது. அவருடையது அதன் கீழே.

கொம்பனியின் வருடாந்தக் கூட்டத்துக்கு அச்சடித்த தாளில், ‘ஊழியர் வரிச் சேமிப்பு ஆலோசகர்’ என்று மசூரின் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். இருபத்தாறாம் ஆண்டு ஏப்ரலில் மசூர், கணக்குக்குப் போய்க்கொண்டிருந்த ஐம்பதாயிரத்தைத் தானே கேட்டுச் சம்பளமாக மாற்றி, தன் வருட வருமான வரியை ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக்கிக்கொண்டார்.